1062-இல் நின்ற ரெப்ளிகா: தாண்டிப் போகலாமா?

மைஎஸ்கியூஎல் ரெப்ளிகா டூப்ளிகேட் கீ பிழையில் நின்றுவிட்டால், அதை மறுபடி ஓட வைக்க இரண்டு மூன்று வரிக் கட்டளை போதும். சிக்கிய கட்டளையைத் தாண்டச் சொன்னால் ரெப்ளிகா அடுத்ததற்குப் போய்விடும், அலாரம் அடங்கிவிடும். இந்த எளிமைதான் ஆபத்து. தாண்டியது சரியா தவறா என்று சர்வர் ஒருபோதும் சொல்லாது. சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: ரெப்ளிகேஷன் ஓடுகிறது, பின்தங்கல் பூஜ்யம்.

எப்போது தாண்டலாம், எப்போது கூடாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. லண்டனில் ஆண்டுதோறும் அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும்போது உருவாகக்கூடிய ஒரு 1062 பிழையை இதற்கு முக்கிய எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் தாண்டிவிடலாம் என்றே தோன்றும் பிழை அது. உள்ளே போய்ப் பார்த்தால் ரெப்ளிகாவையே தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

நிற்பது எது?

ரெப்ளிகாவில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒன்று, சோர்ஸ் சர்வரின் பைனரி லாகை வாங்கி வந்து தன்னிடம் ரிலே லாகாக எழுதிவைப்பது. மற்றொன்று, அந்த ரிலே லாகைப் படித்துத் தன் டேபிள்களில் செயல்படுத்துவது. 1062 வந்தால் நிற்பது இரண்டாவது வேலை மட்டும்தான். `SHOW REPLICA STATUS` கொடுத்தால் `Replica_IO_Running: Yes` என்றும் `Replica_SQL_Running: No` என்றும் வரும். சோர்ஸிலிருந்து தரவு வந்துகொண்டே இருக்கிறது, ரிலே லாக் வட்டில் வளர்ந்துகொண்டே போகிறது. ஆகவே உடனே எதையும் இழக்கப்போவதில்லை. வட்டில் இடம் இருக்கும்வரை யோசிக்க நேரம் உண்டு.

பிழையின் முழு வாசகம் `Last_SQL_Error` என்ற இடத்தில் இருக்கும். பல வொர்க்கர்கள் சேர்ந்து வேலை செய்யும் அமைப்பில் அங்கே பொதுவான ஒரு செய்திதான் வரும். விவரம் வேண்டுமானால் `performance_schema.replication_applier_status_by_worker` டேபிளைப் பார்க்க வேண்டும். எந்த டேபிள், எந்த கீ, எந்த மதிப்பு, பைனரி லாகில் எந்த இடம் என்ற நான்கையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனிதான் உண்மையான கேள்வி. சோர்ஸில் இந்த இன்சர்ட் தடையின்றிப் போயிருக்கிறது. அப்போது அங்கே அந்த கீயில் வரி இல்லை. ரெப்ளிகாவில் மட்டும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதை அங்கே வைத்தது யார்? இதற்குப் பதில் தெரியும்வரை தாண்டுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாது. அனுபவத்தில் பதில்கள் மூன்று வகையில் அடங்கிவிடும்.

முதல் வகை: யாரோ ரெப்ளிகாவில் நேரடியாக எழுதியது

ஒரு செயலி தவறான முகவரிக்கு இணைந்து எழுதியிருக்கலாம். பராமரிப்புக்கு வந்தவர் கையால் ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம். `read_only` போட்டிருந்தும் இது நடக்கும், ஏனென்றால் உச்ச அதிகாரம் உள்ள கணக்குகளை அது தடுக்காது. அவர்களையும் தடுக்க `super_read_only` வேண்டும்.

இங்கே தாண்டினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஆர்டர் டேபிளில் 5001 என்ற எண்ணை ரெப்ளிகா ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டது. சோர்ஸ் அதே 5001-ஐ வேறொருவருக்குக் கொடுத்தது. அந்த இன்சர்ட்டைத் தாண்டியதும் சோர்ஸில் உள்ள ஆர்டர் ரெப்ளிகாவில் இல்லாமல் போகிறது, தவறான ஆர்டர் அங்கேயே தங்குகிறது. மறுநாள் 5001-இன் நிலையை "அனுப்பியாயிற்று" என்று மாற்றும் அப்டேட் வருகிறது. ரெப்ளிகாவில் 5001 என்று ஒரு வரி இருப்பதால் அப்டேட் பிழையின்றி ஓடுகிறது, ஆனால் அது மாற்றியது வேறொருவரின் ஆர்டரை. இதற்குப் பிறகு எந்த அலாரமும் அடிக்காது.

எண்களை இரண்டு முறை கொடுப்பதால் வரும் சேதம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2012 செப்டம்பரில் கிட்ஹப் நிறுவனம் கண்டது. தானியங்கி மாற்று ஏற்பாடு குழம்பியதில், பின்தங்கியிருந்த ஒரு மைஎஸ்கியூஎல் சர்வர் முதன்மை இடத்துக்கு வந்து எழுதும் கட்டளைகளை ஏற்கத் தொடங்கியது. தானாக ஏறும் எண்கள் மறுபடி வழங்கப்பட்டன. அந்த எண்களைச் சுட்டிக்கொண்டிருந்த வேறு சேமிப்பகங்களுக்கும் மைஎஸ்கியூஎல்லுக்கும் பொருத்தம் போயிற்று. 16 தனிப்பட்ட களஞ்சியங்கள், அவற்றைப் பார்க்க உரிமையில்லாதவர்களுக்கு ஏழு நிமிடம் திறந்து கிடந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. கீ மோதல் வெறும் டேபிள் விவகாரமாக முடிவதில்லை என்பதற்கு இது சான்று.

இந்த வகையைக் கண்டுபிடிக்க ஜிடிஐடி இருந்தால் எளிது. ஒவ்வொரு ட்ரான்சாக்ஷனும் தான் பிறந்த சர்வரின் அடையாளத்தைச் சுமந்துகொண்டிருக்கும். ரெப்ளிகாவின் `gtid_executed` பட்டியலில் ரெப்ளிகாவின் சொந்த அடையாளம் இருந்தால், அங்கே யாரோ எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாம் வகை: ஒரே வேலையை இருமுறை செய்தது

ரெப்ளிகா இயந்திரம் திடீரென அணைந்தபின் இது வரும். தரவு வட்டில் சேர்ந்துவிட்டது, ஆனால் எதுவரை முடித்தோம் என்ற குறிப்பு சேரவில்லை. 5.5 பதிப்பு வரை அந்தக் குறிப்பு தனிக் கோப்பில் எழுதப்பட்டதால் இது அடிக்கடி நடந்தது. 5.6 முதல் அதை டேபிளில், தரவோடு ஒரே ட்ரான்சாக்ஷனாக வைக்கும் வசதி வந்தது. 8.0-இல் அதுவே இயல்பு ஆயிற்று.

இந்த வகையில் ரெப்ளிகாவில் இருக்கும் வரியும் வரவேண்டிய வரியும் எல்லா நெடுவரிசையிலும் ஒன்றாக இருக்கும். ஆகவே தாண்டுவது பாதுகாப்பானது என்று பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். லாக் ரோ வடிவத்தில் இருந்தால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஸ்டேட்மென்ட் வடிவத்தில் இருந்தால் இன்னும் ஒரு படி யோசிக்க வேண்டும்.

குறிப்பு பின்தங்கியதால் ரெப்ளிகா ஐந்து ட்ரான்சாக்ஷன்களை மீண்டும் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, 7-ஆம் கணக்கின் இருப்போடு 50 சேர்க்கச் சொல்கிறது. மூன்றாவது, ஒரு புதிய வரியை இன்சர்ட் செய்கிறது. முதலாவது மறுபடி ஓடும்போது பிழை எதுவும் வராது; இருப்பு இன்னொரு 50 ஏறிவிடும். மூன்றாவதில்தான் 1062 வருகிறது. நாம் மூன்றாவதைப் பார்த்து, வரி ஒன்றாகவே இருக்கிறது என்று தாண்டிவிடுகிறோம். 7-ஆம் கணக்கில் 50 கூடுதலாக நிற்கிறது. பிழை வந்த இடம் வேறு, சேதம் நடந்த இடம் வேறு. ரோ வடிவத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே லாகில் இருப்பது "50 சேர்" என்ற கட்டளை அல்லாமல் முடிவான இருப்புத் தொகையே என்பதால், இருமுறை எழுதினாலும் விடை மாறாது.

மூன்றாம் வகை: ரெப்ளிகா வேறு விடை கண்டது

ஸ்டேட்மென்ட் வடிவத்தில் ரெப்ளிகா கட்டளையைத் தானே ஓட்டி விடை காண்கிறது. சூழல் வேறுபட்டால் விடையும் வேறுபடும். லண்டன் கடிகாரம் வருவது இங்கேதான்.

பிரிட்டனில் மின்சாரக் கணக்கு அரைமணிக்கு ஒரு முறை தீர்க்கப்படுகிறது. சாதாரண நாளில் 48 அரைமணிகள். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் முன்னால் போவதால் 46. அக்டோபர் கடைசி ஞாயிறு 50. ஒவ்வொரு மீட்டரின் அரைமணி அளவையும் பதியும் ஒரு டேபிளை எடுத்துக்கொள்வோம். பிரைமரி கீ: மீட்டர் எண்ணும் நேரமும். நேரம் `DATETIME` வகை. அரைமணிக்கொரு முறை ஓடும் வேலை இப்படி எழுதுகிறது:

```sql
INSERT INTO readings VALUES
 (17, DATE_FORMAT(NOW(),'%Y-%m-%d %H:%i:00'), 412);
```

சோர்ஸ் சர்வரின் இயங்குதளம் யூடிசி நேரத்தில் இருக்கிறது. ரெப்ளிகா லண்டன் அலுவலகத்தில் உள்ள இயந்திரம். அதன் இயங்குதளம் `Europe/London` நேரத்தில் இருக்கிறது. இரண்டிலும் மைஎஸ்கியூஎல்லின் `time_zone` மதிப்பு இயல்பாக வரும் `SYSTEM`. பைனரி லாக் ஸ்டேட்மென்ட் அல்லது மிக்ஸ்டு வடிவம். மிக்ஸ்டு காப்பாற்றும் என்று எண்ணக் கூடாது. `NOW()` பாதுகாப்பான செயல்கூறு என்றே சர்வர் கருதுவதால், மிக்ஸ்டு வடிவத்திலும் அது கட்டளையாகவே லாகில் போகும்.

2024 அக்டோபர் 27, யூடிசி நேரம் 01:00. 17-ஆம் மீட்டரின் இன்சர்ட்டில் ரெப்ளிகா நிற்கிறது:

```
Duplicate entry '17-2024-10-27 01:00:00'
for key 'readings.PRIMARY'
```

`mysqlbinlog` கொண்டு அந்த இடத்தைத் திறந்து பார்த்தால் கட்டளைக்கு மேலே இப்படி இருக்கும்:

```
SET TIMESTAMP=1729990800/*!*/;
SET @@session.time_zone='SYSTEM'/*!*/;
```

எண் வடிவிலான அந்த நேரம் உலகெங்கும் ஒன்றுதான். ஆனால் அதை மணிக்கணக்காக மாற்றும்போது `SYSTEM` என்ற சொல்லுக்கு ஒவ்வொரு சர்வரும் தன் பொருளைக் கொள்கிறது. சோர்ஸில் 1729990800 என்பது 01:00. அதற்கு ஒரு மணி முந்தைய 1729987200 அங்கே 00:00. லண்டன் நேரத்தில் முந்தையது கோடைகாலக் கணக்கில் 01:00. பிந்தையது, கடிகாரம் 2-லிருந்து 1-க்குத் திரும்பியதால், மறுபடியும் 01:00. சோர்ஸில் இரண்டு கீகள், ரெப்ளிகாவில் ஒன்று. அதுதான் மோதல்.

ரெப்ளிகாவில் ஏற்கெனவே உள்ள வரியை எடுத்துப் பார்த்தால் அளவு 409. வரவேண்டியது 412. கீ ஒன்று, மதிப்பு வேறு. இந்த ஒரு வித்தியாசமே தாண்டக் கூடாது என்று சொல்லப் போதுமானது. ஆனால் இரவு வேளையில் இதைப் பார்க்காமல் தாண்டியவர் என்ன காண்பார்? 01:30-க்கு இன்னொரு முறை நிற்கும், அதையும் தாண்டுவார். அதற்குப் பிறகு இந்த மீட்டருக்கு அடுத்த அக்டோபர் வரை பிழையே வராது.

அவர் அக்டோபர் 27-க்கான வரிகளை எண்ணிச் சரிபார்த்தால் இன்னும் ஏமாறுவார். சோர்ஸில் யூடிசி கணக்கில் அந்த நாளுக்கு 48 வரி. ரெப்ளிகாவில் லண்டன் கணக்கில் 50 வந்திருக்க வேண்டும். இரண்டு தாண்டப்பட்டதால் 48. எண்ணிக்கை அச்சாகப் பொருந்துகிறது. உண்மையில் இரண்டு அளவுகள் தொலைந்திருக்கின்றன.

தொலைந்த இரண்டும் சிறிய சேதம். பெரிய சேதம் மார்ச் 31-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. அன்று அதிகாலை கடிகாரம் முன்னே போனபோது ரெப்ளிகாவில் 01:00, 01:30 என்ற இரண்டு இடங்கள் காலியாக விடப்பட்டன. காலியிடம் எந்தப் பிழையையும் எழுப்பாது. அன்று முதல் அக்டோபர் 27 வரை 210 நாள், நாளுக்கு 48 வீதம், ஒவ்வொரு மீட்டருக்கும் 10,080 வரிகள் ஒரு மணி நேரம் தள்ளிப் பதிவாகியிருக்கின்றன. கீ மோதல் தற்செயலாக நமக்குக் காட்டியது அவற்றின் கடைசி ஓரத்தை மட்டுமே. சந்தேகம் இருந்தால் மார்ச் 31-க்கான வரிகளை எண்ணலாம்: சோர்ஸில் 48, ரெப்ளிகாவில் 46.

இதற்குத் தீர்வு ரெப்ளிகாவைச் சோர்ஸிலிருந்து புதிதாகக் கட்டுவதுதான். காரணத்தையும் சேர்த்தே நீக்க வேண்டும். ரெப்ளிகாவில் மட்டும் `default_time_zone` மாற்றினால் போதாது. லாகில் `SYSTEM` என்று வரும்வரை அந்தக் கட்டளைக்கு இயங்குதள நேரமே எடுத்துக்கொள்ளப்படும். சோர்ஸில் `+00:00` என்று வெளிப்படையாக வைத்தால் அதுவே லாகில் போய்ச் சேரும். அதைவிட உறுதியானது ரோ வடிவத்துக்கு மாறுவது. அதில் கணக்கிட்டு முடித்த நேரமே அனுப்பப்படுகிறது. 5.7.7 முதல் ரோ வடிவமே இயல்பு என்றாலும், பழைய அமைப்புக் கோப்பைத் தூக்கிக்கொண்டு பதிப்பு மாறிய சர்வர்களில் மிக்ஸ்டு இன்னும் உட்கார்ந்திருக்கும். பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாண்டினால் எவ்வளவு போகும்?

மேலே நாம் பேசியது ஒரே ஒரு இன்சர்ட். நடைமுறையில் அது தனியாக வருவதில்லை. ஜிடிஐடி இல்லாத அமைப்பில் `sql_replica_skip_counter`-ஐ 1 என்று வைத்தால், இன்னோடிபி டேபிள்களைப் பொறுத்தவரை ஒரு முழு ட்ரான்சாக்ஷன் தாண்டப்படுகிறது. ஆர்டரைச் சேர்ப்பது, அதன் பொருள்களைச் சேர்ப்பது, கையிருப்பைக் குறைப்பது என்று ஐந்து வேலை அதில் இருந்தால் ஐந்தும் போகும், மோதியது ஒன்றே ஆனாலும். ஜிடிஐடி உள்ள அமைப்பில் அந்த எண்ணில் ஒரு வெற்று ட்ரான்சாக்ஷனை முடித்துவைப்பது வழக்கம்:

```sql
STOP REPLICA;
SET gtid_next='சோர்ஸ்-அடையாளம்:எண்';
BEGIN; COMMIT;
SET gtid_next='AUTOMATIC';
START REPLICA;
```

இதிலும் விளைவு அதேதான். அந்த எண்ணுக்குரிய வேலை முழுவதும் முடிந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். பின்னர் யாரும் அதைத் திரும்ப அனுப்ப மாட்டார்கள்.

மூன்றாவது வழியாக `IDEMPOTENT` முறையைச் சொல்வார்கள். ரோ வடிவத்தில் அது மோதும் வரியைச் சோர்ஸின் வரியால் மேலெழுதிவிடும். தேடிய வரி இல்லாவிட்டாலும் நிற்காது. தாண்டுவதைவிட இது மேல், ஏனென்றால் குறைந்தபட்சம் அந்த வரியாவது சரியாகிறது. ஆனால் அதைத் திறந்தே விட்டுவிட்டால் இனி வரும் வேறுபாடுகளும் சத்தமில்லாமல் விழுங்கப்படும். ஒரு குறிப்பிட்ட பழுதைக் கடக்க மட்டும் போட்டு, உடனே `STRICT`-க்குத் திருப்ப வேண்டும். எல்லா 1062-ஐயும் தாண்டச் சொல்லி `replica_skip_errors` போட்டு வைப்பது இன்னும் மோசம். மேலே சொன்ன மூன்று வகைகளுக்கும் இடையிலான வேறுபாட்டையே அது அழித்துவிடுகிறது.

தீர்மானிக்கும் முறை

ஆகவே நான் வலியுறுத்தும் வரிசை இது. முதலில் பைனரி லாகில் அந்த ட்ரான்சாக்ஷனை முழுதாகத் திறந்து படிக்க வேண்டும். ரோ வடிவமாக இருந்தால்:

```
mysqlbinlog -vv --base64-output=DECODE-ROWS \
  --start-position=... binlog.000412
```

அதில் என்னென்ன வரிகள் மாறுகின்றன என்று குறித்துக்கொண்டு, அவை ஒவ்வொன்றையும் ரெப்ளிகாவில் தேடிப் பார்க்க வேண்டும். மோதிய வரி மட்டும் போதாது. அந்த ட்ரான்சாக்ஷனின் எல்லா விளைவும் ஏற்கெனவே ரெப்ளிகாவில் அப்படியே இருக்கிறதா? இல்லையென்றால் தாண்டக் கூடாது. ஒரே ஒரு வரி அந்நியமாக நுழைந்தது என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த வரியை நீக்கிவிட்டு ட்ரான்சாக்ஷனை ஓட விடுவதே சரி. நீக்கும்முன் `SET sql_log_bin=0` வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நீக்கம் ரெப்ளிகாவின் சொந்த லாகில் பதிந்து, பின்னாளில் அது சோர்ஸாக உயரும்போது மற்ற சர்வர்களுக்கும் பரவும்.

எல்லா விளைவும் இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி: அது எப்படி வந்தது? இயந்திரம் அணைந்த தடயம் பிழைப் பதிவேட்டில் இருந்து, லாக் ரோ வடிவமாகவும் இருந்தால் தாண்டலாம். ஸ்டேட்மென்ட் வடிவமாக இருந்தால், குறிப்பு நின்ற இடத்திலிருந்து மோதிய இடம்வரை "கூட்டு", "குறை" என்ற வகை அப்டேட் ஏதும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தாண்டலாம். வரி எப்படி வந்தது என்றே விளங்கவில்லை என்றால், அந்த ரெப்ளிகாவை நம்ப முடியாது என்பதே முடிவு.

ரெப்ளிகா ஓடத் தொடங்கிய பின் முழு ஒப்பீடு தேவை. `pt-table-checksum` இதற்காகவே உள்ள கருவி. அது டேபிளைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் செக்சமைச் சோர்ஸில் கணக்கிட்டு, அதே கணக்கைக் கட்டளையாக ரெப்ளிகாவுக்கும் அனுப்பி இரண்டு விடைகளையும் ஒப்பிடுகிறது. ரெப்ளிகேஷன் வழியாகவே அது வேலை செய்வதால் நின்ற ரெப்ளிகாவில் பயன்படாது. அங்கே கையால் ஒப்பிடுவதுதான் வழி. மேலே சொன்ன மீட்டர் டேபிளில் இதை மாதம் ஒரு முறை ஓட்டியிருந்தால், அக்டோபர் வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே வேறுபாடு தெரிந்திருக்கும்.

அவசரத்தில் தாண்டியே ஆகவேண்டிய நேரமும் உண்டு. வாசிப்புப் பளு முழுவதும் அந்த ஒரு ரெப்ளிகாவை நம்பியிருக்கலாம். அப்போது தாண்டிய ஜிடிஐடியை அல்லது லாக் இடத்தையும், அந்த ட்ரான்சாக்ஷனின் முழு உள்ளடக்கத்தையும் எழுதிவைத்துவிட்டுத் தாண்டலாம். ஆனால் அந்த நிமிடம் முதல் இரண்டு தடைகள் அந்த ரெப்ளிகாவுக்கு உண்டு: அதிலிருந்து பேக்கப் எடுக்கக் கூடாது, அதைச் சோர்ஸாக உயர்த்தக் கூடாது. மற்ற பிரதிகள் சரியாக இருக்கும்வரை ஒரு ரெப்ளிகாவின் தவறு திருத்தக்கூடியது. அதுவே சோர்ஸ் ஆகிவிட்டால், ஒப்பிட்டுத் திருத்த வேறு மூலம் இருக்காது. 8.0.17 முதல் குளோன் பிளகின் மூலம் ஓடும் சர்வரிலிருந்தே புதிய ரெப்ளிகாவைக் கட்ட முடிகிறது. பல நாள் சந்தேகத்தைச் சுமப்பதைவிட அது சில மணி நேர வேலை. செக்சம் ஒப்பீடு வேறுபாடு இல்லை என்று காட்டும்வரை, அல்லது ரெப்ளிகா புதிதாகக் கட்டப்படும்வரை, இரண்டு தடைகளும் நீடிக்க வேண்டும்.